ஏணியும் கொடியும்: நிறுவனத்துக்குள் செய்தி எங்கே தடைபடுகிறது?

வணிகத் தகவல் தொடர்பைக் கற்பிக்கும் பாடநூல்கள் இரண்டு செய்திகளைப் பொதுவாகத் தனித்தனி இயல்களில் வைக்கின்றன. ஓர் இயலில் தொடர்புக்கு நேரும் தடைகள் வகை பிரிக்கப்படுகின்றன. மற்றோர் இயலில் முறைசார்ந்த வழி, முறைசாரா வழி என்னும் இரண்டும் நன்மை தீமைகளோடு ஒப்பிடப்படுகின்றன. பதவி, கோப்பு, கையொப்பம், கூட்டக் குறிப்பு ஆகியவற்றின் வழியே மேலும் கீழும் செல்வது முறைசார்ந்த தொடர்பு. தேநீர் வேளையிலும் தாழ்வாரத்திலும் தனிப்பட்ட தொலைபேசியிலும், எந்த விதியும் ஆணையிடாமலே, பழக்கத்தின் வலுவில் நடப்பது முறைசாராத் தொடர்பு. இந்தப் பிரிவினை தேர்வுக்கு வசதியானது. ஆனால் நடைமுறையில் பெரும் சேதம் விளைவித்த தடைகள் இந்த இரண்டு வழிகளில் ஏதேனும் ஒன்றுக்குள் இருந்ததைவிட, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி மாறவேண்டிய இடத்தில்தான் அதிகம் இருந்திருக்கின்றன. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் வரலாற்றில் மூன்று காலகட்டங்களை எடுத்துக்கொண்டு இக்கட்டுரை அந்த மாற்றுமிடத்தை ஆராய்கிறது. நாசாவைத் தேர்ந்ததற்குக் காரணம் எளியது. அங்கு நேர்ந்த இரண்டு விபத்துகளுக்குப் பிறகு அமைந்த விசாரணைக் குழுக்கள், யார் யாரிடம் எப்போது என்ன சொன்னார்கள் என்பதைப் பெருமளவு பதிவுசெய்து வெளியிட்டன. வேறு எந்த நிறுவனத்தின் உள்பேச்சும் இவ்வளவு விரிவாக வெளிச்சத்துக்கு வந்ததில்லை என்றே சொல்லலாம்.

முதலில் இரண்டு வழிகளைப் பற்றியும் கோட்பாட்டாளர்கள் சொன்னதைச் சுருக்கமாகக் காண்பது தேவை. பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளரும் நிர்வாகியுமான ஹென்றி ஃபயோல் 1916-இல் வெளியிட்ட நூலில் நிறுவனத்தை இருபுறமும் படிகள் கொண்ட ஏணியாக உருவகித்தார். உச்சியில் ஒருவர் இருக்கிறார். அவரிடமிருந்து இடப்புறம் ஒரு வரிசையும் வலப்புறம் ஒரு வரிசையும் இறங்குகின்றன. இடப்புறம் ஐந்து படி கீழே இருக்கும் ஒருவர், வலப்புறம் அதே மட்டத்தில் இருக்கும் தம் இணையரிடம் ஒரு விவரம் கேட்க விரும்பினால், விதிப்படி செய்தி ஐந்து படி ஏறி உச்சியைத் தொட்டு, மறுபுறம் ஐந்து படி இறங்கவேண்டும். மறுமொழியும் அதே வழியே திரும்பவேண்டும். இந்த வீண் அலைச்சலைத் தவிர்க்கவே இரு படிகளுக்கும் இடையே ஒரு நடைபலகை போடலாம் என்றார் ஃபயோல். ஆனால் அதற்கு அவர் விதித்த நிபந்தனை பெரும்பாலும் மறக்கப்படுகிறது. இருவரின் மேலதிகாரிகளும் அந்தப் பலகைக்கு இசைந்திருக்க வேண்டும், பேசி முடித்ததை உடனே அறியவும் வேண்டும். ஆகவே ஃபயோலின் நடைபலகை விதியை மீறும் குறுக்குவழி அன்று. விதியே ஒப்புக்கொண்ட குறுக்குவழி.

மறுபுறம், முறைசாரா வழிக்கு ஆங்கிலத்தில் நிலைத்த பெயர் திராட்சைக்கொடி என்பது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் மரத்துக்கு மரம் தொங்கிய தந்திக் கம்பிகள் கொடிபோலத் தோன்றியதும், அவற்றில் வந்த செய்திகள் அடிக்கடி சிதைந்திருந்ததும் இப்பெயருக்குக் காரணம் என்பர். தமிழில் அரசல்புரசலாக, காற்றுவாக்கில் என்று சொல்வதும் ஏறத்தாழ இதையே குறிக்கும். கீத் டேவிஸ் என்ற மேலாண்மை ஆய்வாளர் 1953-இல் வெளியிட்ட ஆய்வு இக்கொடி எவ்வாறு படர்கிறது என்பதை முதன்முறையாக அளந்து காட்டியது. ஒரு நிறுவனத்தில் நிர்வாகி ஒருவர் வேலையை விட்டுக் காப்பீட்டுத் தொழிலுக்குப் போகவிருக்கும் செய்தி நிர்வாகிகளில் 81 விழுக்காட்டினருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதைப் பிறருக்குச் சொன்னவர்கள் 11 விழுக்காட்டினர் மட்டுமே. அதாவது கொடியில் எல்லோரும் பேசுவதில்லை. சிலர் பலருக்குச் சொல்ல, அந்தப் பலரில் மிகச் சிலரே மீண்டும் சொல்கிறார்கள். கொத்துக்கொத்தாகப் பரவும் இம்முறையை டேவிஸ் கொத்துத் தொடர் என்றார். இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது: கொடியைப் பயன்படுத்த விரும்பும் நிர்வாகம் அந்தச் சிலர் யார் என்பதை அறிந்தால் போதும். ஆனால் அந்தச் சிலர் எதைச் சொல்வார்கள், எதைச் சொல்லாமல் விடுவார்கள் என்பது நிர்வாகத்தின் கையில் இல்லை. வேலையை விடப்போகிறவரைப் பற்றிக் கொடி விரைந்து பேசும்; இயந்திரத்தின் ஒரு வளையம் குளிரில் விறைத்துப்போகும் என்பதை அது சிறப்புத் துறை நண்பர்களுக்குள் மட்டுமே பேசிக்கொள்ளும்.

ஒரு பக்கக் குறிப்பு

அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரில் உள்ள மார்ஷல் விண்வெளி மையம், நிலவுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் ஏவூர்தியை உருவாக்கிய இடம். 1960-களில் அதன் இயக்குநராக இருந்தவர் வெர்னர் ஃபான் பிரான். இட்லரின் ஜெர்மனியில் அவர் ஆற்றிய பணி தனியே கடும் தீர்ப்புக்குரியது. இங்கு பேசப்படுவது மார்ஷலில் அவர் வகுத்த ஒரு வழக்கம் மட்டுமே. தமக்கு நேர் கீழே இருந்தவர்களைத் தாண்டி, அடுத்த கட்டத்தில் இருந்த ஆய்வகத் தலைவர்கள், திட்டத் தலைவர்கள் என ஏறத்தாழ இரண்டு டஜன் பேரிடம் வாரந்தோறும் ஒரு குறிப்பு கேட்டார். அது ஒரு பக்கத்துக்கு மிகக்கூடாது. அந்த வாரத்தின் முன்னேற்றமும் சிக்கலும் மட்டும் இருக்கவேண்டும். இடையில் இருக்கும் அதிகாரி அதைத் திருத்தக்கூடாது. திங்கட்கிழமை அவர் மேசைக்கு வந்ததால் அவற்றுக்குத் திங்கள் குறிப்புகள் என்று பெயர் வந்தது. ஃபான் பிரான் ஒவ்வொன்றையும் படித்து, ஓரத்தில் கேள்வியோ பாராட்டோ ஆணையோ கையால் எழுதினார். பிறகு எல்லாக் குறிப்புகளையும், ஓரத்து எழுத்துகளோடு சேர்த்துப் படியெடுத்து, எழுதிய எல்லோருக்கும் திருப்பி அனுப்பினார்.

1967-இல் மார்ஷலின் தகவல் தொடர்பை ஆராய்ந்த ஃபிலிப் டாம்கின்ஸ் இதைப் பெரிதும் பாராட்டினார். அவர் கண்டவற்றுள் மூன்று இங்கே பொருத்தமானவை. முதலாவது, ஒவ்வோர் ஆய்வகத் தலைவரும் தம் குறிப்பை நிரப்பத் தம் கீழுள்ளவர்களிடம் வெள்ளிக்கிழமை அறிக்கை கேட்கத் தொடங்கினார்; ஒருவர் மேலே கேட்ட ஒரு பக்கம், கீழே பல பக்கங்களைத் தோற்றுவித்தது. இரண்டாவது, எல்லோரும் எல்லோருடைய குறிப்பையும் படித்ததால், ஃபயோலின் நடைபலகைகள் தாமாகவே விழுந்தன. ஓர் ஆய்வகத்தின் சிக்கலுக்கு வேறோர் ஆய்வகம் தீர்வு வைத்திருப்பது அடுத்த வாரமே தெரிந்தது. மூன்றாவது, ஓரத்து எழுத்துகளில் இயக்குநரின் கோபமும் மகிழ்ச்சியும் வெளிப்படையாகத் தெரிந்ததால், கெட்ட செய்தி சொன்னவருக்கு என்ன நேர்கிறது என்பதை எல்லோரும் கண்ணால் கண்டார்கள். இந்த மூன்றாவது பயன்தான் அதிகம் கவனிக்கப்படாதது. கெட்ட செய்தியை மேலே சொன்னால் தண்டனை இல்லை என்று சுற்றறிக்கை அனுப்புவது எளிது. சொன்னவருக்கு வந்த மறுமொழியை வாரந்தோறும் எல்லோர் முன்னும் விரிப்பதுதான் நம்பப்படுகிறது.

திங்கள் குறிப்பின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் அது எந்த வகையைச் சேர்ந்தது என்பதே குழப்பமாகும். நாளும் அளவும் வகுக்கப்பட்டிருப்பதால் அது முறைசார்ந்தது. நடையும் தொனியும் படிநிலையைத் தாண்டும் போக்கும் முறைசாராதவை. ஃபான் பிரான் 1970-இல் மார்ஷலை விட்டுச் சென்ற பின்னரும் குறிப்புகள் தொடர்ந்தன. ஆனால் ஓரத்து எழுத்துகளின் உயிர் போன பிறகு அவை மற்றொரு படிவமாகவே எஞ்சின என்பது டாம்கின்ஸின் பிற்கால மதிப்பீடு. ஒரு வழி திறந்திருப்பதை அதன் வடிவத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1986 சனவரி 27, இரவு

சேலஞ்சர் விண்ணோடம் 1986 சனவரி 28 அன்று ஏவப்பட்ட 73-ஆவது நொடியில் சிதைந்து, ஏழு பேர் இறந்தனர். வலப்புறத் திட எரிபொருள் ஏவூர்தியின் பகுதிகளை இணைக்கும் மூட்டில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, சூடான வாயுவை அடைக்கத் தவறியது காரணம். ஓ-வளையம் எனப்படும் அந்த வளையத்தின் ஆபத்தை அறிந்தவர்கள் இருந்தனர். அவர்கள் வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. ஏவூர்தியைச் செய்து கொடுத்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜோலி 1985 சூலை 31 அன்றே தம் துணைத் தலைவர் பாப் லண்டுக்கு எழுதிய குறிப்பில், இதைச் சரிசெய்யாவிட்டால் உயிரிழப்பு நேரும் என்று மறைக்காமல் எச்சரித்திருந்தார். ஆகவே இது மௌனத்தால் நேர்ந்த விபத்து என்று சொல்வது சரியன்று. முறைசார்ந்த வழியில், உரிய அதிகாரிகள் கேட்க, எச்சரிக்கை சொல்லப்பட்டும் நேர்ந்தது என்பதுதான் இதன் சிறப்பும் சிக்கலும்.

ஏவுதலுக்கு முந்தைய இரவு, உட்டா மாநிலத்துத் தொழிற்சாலை, ஹன்ட்ஸ்வில், புளோரிடாவின் கென்னடி ஏவுதளம் ஆகிய மூன்று இடங்களை இணைத்துத் தொலைபேசி மாநாடு நடந்தது. மறுநாள் காலை வளையத்தின் வெப்பநிலை ஏறத்தாழ கழித்தல் 2 பாகை செல்சியசாக இருக்கும் என்று கணிக்கப்பட்டது. அதுவரை ஏவியவற்றுள் மிகக் குளிரானது 1985 சனவரியில் ஏறத்தாழ 12 பாகையில் நடந்தது. அதில் வளையத்தைத் தாண்டிக் கரி படிந்திருந்தது. 12 பாகைக்குக் குறைவாக ஏவக்கூடாது என்று தயோக்காலின் பொறியாளர்கள் பரிந்துரைத்தனர். நாசாவின் தரப்பில் ஏவூர்தித் திட்ட மேலாளர் லாரி முல்லாய் அதை ஏற்கவில்லை. அவருடைய சக அதிகாரி ஜார்ஜ் ஹார்டி அதிர்ச்சி தெரிவித்தார், ஆனால் ஒப்பந்ததாரரின் பரிந்துரைக்கு எதிராக ஏவ மாட்டேன் என்றும் சொன்னார். தயோக்கால் தரப்பு ஐந்து நிமிடம் தனியே பேசிக்கொள்ள இணைப்பைத் துண்டித்தது. அது அரை மணி நேரம் நீண்டது.

அந்த அரை மணியில் நடந்ததைத் தடைகளின் பட்டியலோடு ஒப்பிட்டால், பட்டியலின் போதாமை விளங்கும். பாய்ஸ்ஜோலியும் ஆர்னி தாம்சனும் எழுந்து மேலாளர்களின் மேசைக்கு வந்து, ஒருவர் மூட்டின் படத்தை வரைந்தார், மற்றவர் கரி படிந்த வளையத்தின் புகைப்படங்களை விரித்தார். கேட்பாரில்லை என்று கண்டதும் இருவரும் தம் இருக்கைக்குத் திரும்பினர். மூத்த துணைத் தலைவர் ஜெர்ரி மேசன், பொறியாளர் தொப்பியைக் கழற்றி மேலாளர் தொப்பியை அணியுமாறு லண்டைக் கேட்டார். மேலாளர்கள் நால்வரிடம் மட்டுமே கருத்துக் கேட்கப்பட்டது. இணைப்பு மீண்டபோது ஏவலாம் என்ற பரிந்துரை வந்தது. வேறு கருத்து உண்டா என்று நாசா தரப்பில் கேட்கப்பட்டபோது யாரும் பேசவில்லை. ஜோ கில்மின்ஸ்டர் கையொப்பமிட்ட ஒரு பக்கம் தொலைநகலில் போய்ச் சேர்ந்தது. கென்னடியில் இருந்த தயோக்காலின் பிரதிநிதி ஆலன் மெக்டொனால்ட் கையொப்பமிட மறுத்திருந்தார். அந்தப் பக்கத்தில் அதன் சுவடு இல்லை. பொறியாளர்களின் மறுப்பும் இல்லை.

இங்கே வடிகட்டல் என்ற சொல்லை விளக்குவது பொருத்தம். கீழிருந்து மேலே செல்லும் செய்தியில் கேட்பவருக்குப் பிடிக்காதது ஒவ்வொரு படியிலும் சிறிது நீக்கப்படுவதை அச்சொல் குறிக்கும். பதவி உயர்வை எதிர்நோக்குபவர்கள் தம் சிக்கல்களை மேலதிகாரியிடம் குறைத்தே சொல்கிறார்கள் என்பதை வில்லியம் ரீட் 1962-இல் காட்டினார்; தனக்கு அதில் பங்கே இல்லாதபோதும் மனிதர் கெட்ட செய்தியைச் சொல்லத் தயங்குவதை ரோசனும் டெஸ்ஸரும் 1970-இல் காட்டினர். அந்த இரவில் நடந்த வடிகட்டல் இவற்றிலிருந்து வேறுபட்டது. சொல்பவர் தயங்கியதால் செய்தி குறையவில்லை. அறையில் முழுவதும் சொல்லப்பட்டது, தாளில் ஏறும்போது மறைந்தது. பேச்சு எழுத்தாகும் அந்த இடத்தில், எழுத்து வடிவம் முடிவை மட்டும் ஏற்றுக்கொண்டு முடிவுக்கு எதிரான குரலை வெளியே நிறுத்தியது. முறைசார்ந்த ஆவணத்துக்குக் கையொப்பம் வேண்டும். கையொப்பமிடாதவரின் கருத்துக்கு அதில் பத்தி இல்லை.

மற்றொரு தடை சான்றின் மொழி பற்றியது. கவலையை எண்ணால் நிறுவுமாறு கேட்டபோது பாய்ஸ்ஜோலியால் முடியவில்லை. நல்ல பக்கத்திலிருந்து விலகிப் போகிறது என்ற அளவில்தான் சொல்ல முடிந்தது. சொற்பொருள் தடை என்று பாடநூல் கூறுவது பொதுவாக இருவர் ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் கொள்வதை. இங்கே சொல்லின் பொருள் இருதரப்புக்கும் விளங்கியது. ஆனால் அந்த வகைச் சொல்லை அந்தச் சபை சான்றாக ஏற்கவில்லை. வருத்தம் தருவது என்னவெனில், எண் இருந்தது. அந்த இரவில் காட்டப்பட்ட தாள்கள் சேதம் ஏற்பட்ட ஏவல்களை மட்டும் எடுத்துக்கொண்டன. அவற்றுள் ஒன்று 24 பாகை வெப்பத்தில் நடந்ததால், வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் தொடர்பில்லை என்ற வாதம் எளிதாயிற்று. சேதமில்லாத ஏவல்களையும் சேர்த்திருந்தால் காட்சி மாறியிருக்கும். ஏறத்தாழ 19 பாகையும் அதற்கு மேலும் நடந்த 20 ஏவல்களில் 3-இல் மட்டுமே சேதம். 17 பாகையும் அதற்குக் கீழும் நடந்த 4 ஏவல்களில் நான்கிலும் சேதம். பின்னர் அமைந்த ரோஜர்ஸ் விசாரணைக் குழு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியது. பாதி நாளில் அவசரமாக, சில தாள்கள் கையால் எழுதப்பட்டுத் தயாரான வாதம் அது என்பதை மறக்கலாகாது. என்றாலும், செய்தி கேட்பவர் எதைச் சான்றாகக் கொள்வார் என்பதைச் சொல்பவர் முன்கூட்டியே எண்ணாததும் ஒரு தடையே.

ஏணியின் படிகளும் தம் பங்கைச் செய்தன. நாசாவில் ஒப்பந்ததாரர் நான்காம் நிலை, மார்ஷலின் திட்ட அலுவலகம் மூன்றாம் நிலை, ஹூஸ்டனில் இருந்த திட்டத் தலைமை இரண்டாம் நிலை, வாஷிங்டன் தலைமையகம் முதல் நிலை. தொலைபேசி மாநாட்டில் எழுந்த சர்ச்சை மூன்றாம் நிலையிலேயே தீர்ந்துவிட்டதாகக் கருதப்பட்டதால், இரண்டாம் நிலையில் இருந்த ஆர்னால்ட் ஆல்ட்ரிச்சுக்கும் முதல் நிலையில் இருந்த ஜெஸ்ஸி மூருக்கும் அது சொல்லப்படவே இல்லை. இன்னும் பழைய ஒன்றும் இருந்தது. 1985 சூலையில் வளையச் சிக்கலுக்காக ஏவுதலுக்குத் தடை ஒன்று முறைப்படி பதியப்பட்டு, சேலஞ்சரின் கடைசி ஏவலுக்கு முந்தைய ஆறு ஏவல்களுக்கும் ஒவ்வொரு முறையும் விலக்கு அளிக்கப்பட்டது. அந்தத் தடையையும் விலக்குகளையும் மேல் இரு நிலைகளில் இருந்தவர்கள் அறியவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. சமூகவியலாளர் டயேன் வாகன் 1996-இல் வெளியிட்ட நூலில் இதைப் பிறழ்வு இயல்பாகிப் போதல் என்றார். ஒரு குறை முதன்முறை எச்சரிக்கையாகப் பதிகிறது. இரண்டாம் முறை விலக்கோடு கடக்கிறது. ஆறாம் முறை அது வழக்கமான குறிப்புகளுள் ஒன்று. யாரும் பொய் சொல்லவில்லை, எதுவும் மறைக்கப்படவில்லை. ஆனாலும் செய்தி செத்துவிட்டது. வெளியிலிருந்து ஒரு நிறுவனத்தைச் சோதிப்பவருக்கு இது பயனுள்ள அடையாளம்: ஒரே காரணத்துக்காகத் திரும்பத் திரும்ப அளிக்கப்பட்ட விலக்குகளைத் தேடுவதும், அவற்றை மேல் நிலையில் யார் அறிவார் என்று கேட்பதும் போதும்.

இதைவிட நேரடியான சோதனை ஒன்றை விசாரணைக் குழுவின் உறுப்பினராக இருந்த இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மன் செய்தார். விண்ணோடம் அழிவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று வெவ்வேறு நிலைகளில் கேட்டார். பணியாற்றும் பொறியாளர்களின் மதிப்பீடு ஏறத்தாழ நூற்றில் ஒன்று. நிர்வாகத்தின் மதிப்பீடு லட்சத்தில் ஒன்று. இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு. எந்த நிறுவனத்திலும், ஒரே ஆபத்துக்குப் பட்டறையில் இருப்பவர் என்ன எண் சொல்கிறார், மேல்மாடியில் இருப்பவர் என்ன எண் சொல்கிறார் என்று தனித்தனியே கேட்டு ஒப்பிடுவது, நூறு கேள்விகள் கொண்ட மனநிறைவுக் கணக்கெடுப்பைவிடத் தடையை விரைவில் காட்டும்.

கொலம்பியா: கொடி ஏணியைத் தொட்ட இடம்

சேலஞ்சருக்குப் பின் தவறு ஏணியில் இருந்தது என்று பலரும் முடிவு செய்தனர். அப்படியானால் முறைசாரா வழியில் கேட்டால் பயன் கிடைத்திருக்குமா என்ற கேள்விக்கு 2003-இல் நேர்ந்த கொலம்பியா விபத்து மறுமொழி தருகிறது. சனவரி 16 அன்று ஏவிய ஏறத்தாழ 82 நொடியில், வெளித் தொட்டியிலிருந்து நுரைத் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையின் முன் விளிம்பில் மோதியது. பிப்ரவரி 1 அன்று வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது ஓடம் சிதைந்தது. இந்தியாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் இறந்தனர். இரண்டு வாரத்துக்கும் மேல் ஓடம் சுற்றுப்பாதையில் இருந்தது. அந்த நாள்களில் பொறியாளர்கள் ஒரு செய்தியை மட்டும் விரும்பினர்: இராணுவத்தின் கருவிகளால் இறக்கையைப் படமெடுக்கவேண்டும்.

கோரிக்கை மூன்று வழிகளில் எழுந்தது, மூன்றும் கைவிடப்பட்டன. ஒன்று இராணுவப் பிரதிநிதிவரை சென்றும்விட்டது. பறப்பு மேலாண்மைக் குழுவின் தலைவர் லிண்டா ஹாம், இதை யார் கேட்டார்கள், இது கட்டாயத் தேவையா என்று விசாரித்தார். கட்டாயத் தேவை என்பது அங்கே ஒரு கலைச்சொல். முறைப்படி பதியப்பட்டு, உரிய குழு வழியே வந்த கோரிக்கைக்கு மட்டுமே அப்பெயர். பொறியாளர்கள் நண்பர்கள் வழியாகவும் தம் துறையின் வழியாகவும் கேட்டிருந்ததால், குழுவின் பதிவேட்டில் யாரும் கேட்டவராகத் தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை என்ற முடிவோடு கோரிக்கை நிறுத்தப்பட்டது. சேதத்தை மதிப்பிட்ட குழுவுக்கே முறையான தகுதி வழங்கப்படவில்லை. அதற்குப் பொறுப்பு இருந்தது, கேட்கும் உரிமை யாருடையது என்பது தெளிவாக இல்லை. படம் இல்லாததால் சேதத்தை நிறுவமுடியவில்லை. சேதத்தை நிறுவாததால் படம் கிடைக்கவில்லை. கொடியின் வலு விரைவும் நட்பும்தான். அந்த வலுவே, ஏணியின் வாசலில், கேட்பவர் பெயரற்றவர் என்ற குறையாக மாறியது.

குழு தன் மதிப்பீட்டைச் சொன்ன வழியும் கவனிக்கத்தக்கது. போயிங் பொறியாளர்கள் காட்டிய ஒரு திரைப் பக்கத்தின் தலைப்பு ஆறுதல் தரும் தொனியில் இருந்தது. கீழே சிறிய எழுத்தில், நுரையின் கன அளவு சோதனைத் தரவில் இருந்ததைவிடப் பன்மடங்கு பெரிது என்பது இருந்தது. சோதனையில் பயன்பட்டது 3 கன அங்குலம். மோதியது 1,920 கன அங்குலம், அதாவது 640 மடங்கு. அந்தப் பக்கத்தைக் கேட்டறிந்த ஒருவர் மேல் குழுவுக்கு வாய்மொழியாகச் சுருக்கிச் சொன்னபோது, ஆறுதல் மட்டும் போய்ச் சேர்ந்தது. விசாரணை வாரியம் தன் அறிக்கையில் இத்தகைய திரைப் பக்கங்கள் பொறியியல் அறிக்கைக்கு மாற்றாகப் பயன்படுவதையே குறைகூறியது. சொற்களின் நிலையும் அவ்வாறே. முன்பு கண்டு பழகிய நிகழ்வு குடும்பத்துக்கு உட்பட்டது, புதியது குடும்பத்துக்கு வெளியே என்பது நாசாவின் குழூஉக்குறி. நுரை உதிர்வது பலமுறை நேர்ந்து ஓடங்கள் திரும்பியிருந்ததால் அது குடும்பத்துக்குள் சேர்ந்துவிட்டது. குடும்பத்தைச் சேர்ந்தவனைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

பொறியாளர் ரோட்னி ரோச்சா, படமெடுக்க மறுத்தது தவறு என்று கடுமையான மின்னஞ்சல் ஒன்றை எழுதி, அச்செடுத்து, சக ஊழியரிடம் காட்டினார், மேலே அனுப்பவில்லை. படிநிலையைத் தாண்டிச் செல்ல அவர் விரும்பவில்லை. இதைக் கோழைத்தனம் என்று தள்ளுவது எளிது, ஆனால் பொருத்தமன்று. 1986-இல் படிநிலைக்குள் நின்று பேசியவர்களுக்குப் பயன் கிடைக்கவில்லை, 2003-இல் படிநிலையைச் சுற்றிப் போனவர்களுக்கும் கிடைக்கவில்லை. இரண்டையும் அறிந்த ஒருவரின் தயக்கம் அது. அந்த மின்னஞ்சல் சக ஊழியரை அடைந்தபோது கொடி தன் வேலையைச் செய்துவிட்டது. கொடியிலிருந்து ஏணிக்குச் செய்தியை மாற்றும் பொறுப்பு எவருடைய பணிப்பட்டியலிலும் இல்லை.

தீர்வாக முன்வைக்கப்படுபவை இந்த மாற்றுமிடத்தை எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தால்தான் அவற்றின் எல்லை தெரியும். திறந்த கதவுக் கொள்கை, அதாவது யாரும் எப்போதும் மேலதிகாரியிடம் வரலாம் என்ற அறிவிப்பு, வருபவரின் தைரியத்தையே நம்பியிருக்கிறது. கதவு திறந்திருப்பது அதைக் கடப்பவரின் அச்சத்தைக் குறைப்பதில்லை. பெயர் மறைத்துப் புகாரிடும் வழி அச்சத்தைக் குறைக்கிறது. வானூர்தி ஓட்டுநர்களுக்காக 1976 முதல் அமெரிக்காவில் இயங்கும் பெயர் காக்கும் அறிக்கை முறை அதற்கு நற்சான்று. அதை நடத்துவது நாசாவே என்பது வரலாற்றின் குறும்பு. ஆனால் அம்முறை ஆயிரம் சிறு பிழைகளைத் திரட்டி ஆராயப் பொருத்தமானது. நாளை காலை ஏவப்போகும் ஒன்றை இன்றிரவு நிறுத்தப் பொருத்தமற்றது. கொலம்பியா வாரியம் பரிந்துரைத்த தனித்த தொழில்நுட்ப அதிகாரம், அதாவது காலக்கெடுவுக்கும் செலவுக்கும் பொறுப்பில்லாத ஒரு பொறியியல் குழுவுக்கு மறுக்கும் உரிமை தருவது, மாற்றுமிடத்துக்கே ஒரு காவலரை அமர்த்துகிறது. அந்தக் காவலர் கையொப்பமிடாத தாள் முழுமையடையாது. ஆகவே மறுப்பைப் பதியாமல் ஒரு பக்கத்தைத் தொலைநகலில் அனுப்ப முடியாது. அதற்கும் விலை உண்டு: காவலர் நாளடைவில் ஏணியின் மற்றொரு படியாக மாறினால், அவரிடம் பேசவும் ஒரு கொடி தேவைப்படும்.

சேலஞ்சர் விசாரணையின் ஒரு நிகழ்ச்சி இந்த மாற்றுமிடத்தின் சிக்கலைக் காட்டுகிறது. 1986 பிப்ரவரி 11 அன்று ஃபைன்மன் கேமராக்களின் முன் ஒரு துண்டு வளையத்தை இறுக்கிப் பனிநீரில் இட்டு, வெளியே எடுத்தபோது அது உடனே பழைய வடிவுக்கு வராததைக் காட்டினார். அந்த எண்ணத்தை அவரிடம் விதைத்தவர் குழுவின் மற்றோர் உறுப்பினரான தளபதி டொனால்ட் கூட்டைனா. தம் பழைய காரின் கார்புரேட்டரைச் சரிசெய்துகொண்டிருந்ததாகச் சொல்லி, குளிர் ரப்பர் வளையத்தை என்ன செய்யும் என்று கேட்டு வைத்தார். கூட்டைனாவுக்கு அதை உணர்த்தியது வெப்பநிலையையும் ரப்பரின் நெகிழ்வையும் இரண்டு பத்திகளாகக் காட்டிய ஒரு தாள். அதைக் கையில் திணித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நடந்துபோனவர் அதே குழுவின் உறுப்பினரும் நாசாவின் விண்வெளி வீராங்கனையுமான சாலி ரைடு. சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் அதிகாரம் பெற்றிருந்த ஒரு குழுவுக்குள்ளேயே, மிக முக்கியமான சான்று தாழ்வாரத்தில் கைமாறியது. தாள் எந்தக் கையிலிருந்து வந்தது என்பதை, ரைடு 2012-இல் மறைந்த பிறகே கூட்டைனா வெளியே சொன்னார்.